பள்ளி முதல்வருக்கு ஒரு பக்கம்: வாராந்தர இலக்கண மன்றத்துக்கு அனுமதி கேட்டுக் கடிதம் எழுதும் முறை

நான் முதல்முறை எழுதிய கடிதம் மூன்று பக்கம். தொல்காப்பியத்தில் தொடங்கியிருந்தேன். தாய்மொழியின் பெருமை இரண்டு பக்கத்துக்கு ஓடியது. ‘இலக்கண மன்றம்’ என்ற சொல் கடைசிப் பத்தியில்தான் தலைகாட்டியது. பதில் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து நடைபாதையில் எதிர்ப்பட்ட முதல்வர் கேட்டது ஒரே கேள்வி: “அன்றைக்குப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போவார்கள்?” என் மூன்று பக்கத்தில் அதற்கு விடை இல்லை.

வசதி குறைந்த பள்ளி என்று சிங்கப்பூரில் சொன்னால் சிலர் சிரிப்பார்கள். கட்டடத்துக்கும் கணினிக்கும் குறைவில்லை என்பது உண்மைதான். ஆனால் தமிழ்ப் பிள்ளைகள் குறைவாக உள்ள தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். தமிழுக்கென்று நிலையான வகுப்பறை இருக்காது. புத்தகக் கூடையைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக அலைவோம். மன்றத்துக்கென்று ஒதுக்கிய பணமும் கிடையாது. தொடக்கநிலை நான்கையும் ஐந்தையும் சேர்த்தால்கூடப் பதினைந்து, இருபது பிள்ளைகள் தேறினால் அதிகம். அப்படிப்பட்ட பள்ளியில் இருந்துகொண்டு வாரம் ஒரு முறை இலக்கண மன்றம் நடத்த அனுமதி கேட்பவருக்காக இதை எழுதுகிறேன். கடிதம் ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை மூன்று வாரம் பிடிக்கும்.

முதலில் ஒரே ஒரு பிழையைத் தேர்ந்தெடுங்கள்

‘மாணவர்களின் இலக்கண அறிவு குறைந்துவருகிறது’ என்று எழுதினால் அது எந்தப் பள்ளிக்கும் எந்த ஆண்டுக்கும் பொருந்தும். அதனாலேயே யாரையும் அசைக்காது. இரண்டு, மூன்று வாரம் கட்டுரைகளைத் திருத்தும்போது பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் பிழைகளைக் கோடு போட்டு எண்ணுங்கள். என் தாளில் மிக நீளமான வரிசை இதுதான்: ‘வீடுக்குப் போனேன்’, ‘படமைப் பார்த்தேன்’, ‘மரமில் ஏறினான்’.

இந்த மூன்றும் ஒரே குடும்பம். பிள்ளைக்கு வேற்றுமை உருபு தெரிகிறது. உருபு வந்து ஒட்டும்போது சொல்லின் கடைசி மாறும் என்பதுதான் தெரியவில்லை. மகரத்தில் முடியும் சொல் ‘அத்து’ச் சாரியை பெறும்: மரம், மரத்தில், படம், படத்தை. டு, று என முடியும் பல சொற்களில் ஒற்று இரட்டிக்கும்: வீடு, வீட்டுக்கு, கயிறு, கயிற்றால். வீட்டில் தமிழ் புழங்கும் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காது தானே பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஆங்கிலம் பேசிவிட்டுப் பள்ளியில் மட்டும் தமிழைக் கேட்கும் பிள்ளைக்கு, அகராதிச் சொல்லும் உருபும் தனித்தனியாகவே மனத்தில் கிடக்கின்றன. இரண்டையும் பசை போட்டு ஒட்டிவிடுகிறது.

இப்படி ஒரு பிழையைப் பிடித்துவிட்டால் கடிதத்தில் பாதி முடிந்தது. காரணம் தெரிகிறது, மருந்தும் தெரிகிறது, எட்டு வாரத்தில் மாற்றம் வருகிறதா என்று பார்க்கவும் முடியும். ஒற்று மிகும் இடம், மிகா இடம் என்று தொடங்க ஆசை வரும். முதல் தவணையில் வேண்டாம்; அது பெரியவர்களே தடுக்கி விழும் இடம்.

பன்னிரண்டு கேள்வித் தாள்

அடுத்து, பிழை எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்ட ஒரு சிறு தாள் வேண்டும். பன்னிரண்டு வாக்கியம், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிட்ட இடம், அடைப்புக்குறிக்குள் சொல்லும் உருபும். பத்து நிமிடத்தில் முடியும். நான் வைத்த சொற்கள் இவை: மரம், படம், பழம், பணம், வீடு, காடு, சோறு, கயிறு, ஆறு என்ற நதி, கடைசியாக நண்டு, பாட்டு, கதவு.

கடைசி மூன்று சொற்கள்தான் தாளின் உயிர். ‘நண்டை’, ‘பாட்டை’, ‘கதவை’ என்று அவற்றில் எதுவும் இரட்டிக்காது. இவை இல்லையென்றால், விதி புரியாமல் எல்லாவற்றையும் இரட்டிக்கும் பிள்ளை டு, று சொற்கள் ஐந்திலும் முழு மதிப்பெண் வாங்கிவிடும். ‘நண்ட்டை’ என்று எழுதிய பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று இந்த மூன்று சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும்.

தாளைத் திருத்தியதும் மொத்த மதிப்பெண்ணைக் கூட்டிச் சராசரி போடாதீர்கள். ‘பதினெட்டுப் பேரில் பதினொரு பேர் வீடுக்கு என்று எழுதினார்கள்’ என்ற ஒரு வரி, சராசரியைவிட நன்றாகப் பேசும். தாள்களைப் பத்திரமாக வைத்திருங்கள். மன்றத்தின் எட்டாம் வாரம் இதே தாளை மறுபடி கொடுக்க வேண்டும்.

தமிழ் தெரியாத முதல்வருக்குத் தமிழ் இலக்கணத்தை விளக்குவது

நம் பள்ளிகளில் முதல்வர் பெரும்பாலும் தமிழ் வாசிக்கத் தெரியாதவராகவே இருப்பார். தாய்மொழித் துறைத் தலைவர் சீனமொழியோ மலாயோ கற்பிப்பவராக இருப்பது வழக்கம். ஆகவே கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். அதை முதலில் தமிழில் யோசித்து எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது என் பழக்கம். வேற்றுமை, சாரியை, குற்றியலுகரம் ஆகிய சொற்களில் ஒன்றுகூட ஆங்கிலக் கடிதத்தில் இருக்கக் கூடாது. அவற்றை மொழிபெயர்க்க முயன்றால் இன்னும் மோசம்.

அதற்குப் பதில் அவருக்குத் தெரிந்த ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலத்தில் ‘லீஃப்’ என்ற சொல் பன்மையில் ‘லீஃப்ஸ்’ ஆவதில்லை, ‘லீவ்ஸ்’ ஆகிறது. தமிழில் ‘வீடு’ என்ற சொல்லோடு ஏதாவது ஒட்டினால் அதேபோல் அதன் கடைசி மாறும். எங்கள் பிள்ளைகள் மாற்றாமல் எழுதுகிறார்கள். இவ்வளவு போதும். பிள்ளையின் பெயரை மறைத்து, நோட்டுப் புத்தகத்தின் இரண்டு வரியைப் படமெடுத்து, தவறான எழுத்தை வட்டமிட்டு இணையுங்கள். எழுத்து புரியாவிட்டாலும் ஒரே இடத்தில் ஐந்து வட்டங்கள் விழுந்திருப்பது கண்ணுக்குத் தெரியும்.

நாள், இடம், பேருந்து

முதல்வரின் கேள்விகள் எல்லாம் இங்கிருந்துதான் வரும். காலைப் பள்ளி ஒன்றரை மணிவாக்கில் முடிந்தால், பிள்ளைகள் சாப்பிட அரைமணி நேரம் விட்டு இரண்டு மணிக்குத் தொடங்கலாம். அந்த நேரத்தில் உணவகத்தில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று நேரில் போய்ப் பாருங்கள். இடைவேளையில் நடத்தலாம் என்று சிலர் சொல்வார்கள். பிள்ளை சாப்பிடாது, ஒரு வாரத்தில் பெற்றோர் தொலைபேசியில் அழைப்பார்கள்.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். நம் தமிழ் முஸ்லிம் பையன்களில் சிலர் அன்று அப்பாவோடு தொழுகைக்குப் போவார்கள். இணைப்பாட நடவடிக்கை நாள்களின் பட்டியலையும் ஆசிரியர் கூட்ட நாளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே நாள்தான்.

பள்ளிப் பேருந்தில் போகும் பிள்ளைகளை எண்ணுங்கள். இணைப்பாட நடவடிக்கை நாளில் பேருந்து இரண்டாவது நடை ஓடுகிறதா, அதில் இடம் இருக்கிறதா என்று நடத்துநரிடம் நீங்களே கேளுங்கள். இதைக் கேட்காமல் கடிதம் கொடுத்தால், கேட்டுவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவார்கள். அதற்குள் இரண்டு வாரம் ஓடிவிடும்.

இடத்துக்குப் புது அறை கேட்காதீர்கள். மதியம் காலியாகும் ஏதாவது ஒரு வகுப்பறையின் ஆசிரியரிடம் முன்பே பேசி, ‘நாற்காலிகளைப் பழையபடி அடுக்கிவிடுவோம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு, அந்த அறையின் எண்ணைக் கடிதத்தில் எழுதுங்கள்.

தவணையைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாம் தவணைதான் பிடிக்கும். ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழா அதற்குள் வருகிறது. பள்ளியின் கவனமும் கொஞ்சம் நம் பக்கம் திரும்பியிருக்கும். தவணை பத்து வாரம். முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் விட்டுவிட்டு எட்டு வாரம் கேளுங்கள். ஆண்டு முழுவதற்கும் கேட்டால் முதல்வர் யோசிப்பார். எட்டு வாரத்துக்கு அவ்வளவு யோசிக்க மாட்டார். ஆறாம் வகுப்பை முதல்முறை சேர்க்காதீர்கள். அவர்களுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ ஆண்டு. மதிய நேரமெல்லாம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும்.

தேர்வைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ‘மதிப்பெண் உயரும்’ என்ற வரி கடிதத்தில் வேண்டாம். அதைப் படித்ததும், ‘அப்படியானால் பின்தங்கியவர்களுக்குக் கூடுதல் வகுப்பாக நடத்துங்களேன்’ என்பார்கள். ஒரே நாளில் உங்கள் மன்றம் பயிற்சித்தாள் நிரப்பும் வகுப்பாகிவிடும். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

கடிதத்துக்குள் ஒரு நாள் மன்றம்

மன்றத்தில் என்ன நடக்கும் என்பதை நோக்கங்களாக எழுதாமல், ஒரு செவ்வாய்க்கிழமையை அப்படியே காட்டுங்கள். என் மன்றத்தின் இரண்டாம் வாரம் இப்படித்தான் இருந்தது.

ஒரு பக்கம் அச்சடித்துப் பயன்படாமல் போன தாள்களை எட்டாக வெட்டிச் சொல் அட்டைகள் செய்திருந்தோம். ஒரு கட்டில் வீடு, காடு, ஆறு, கயிறு, நண்டு, வண்டு, பாட்டு. இன்னொரு கட்டில் ஐ, இல், கு, ஆல். நால்வர் ஒரு குழு. ஒருவர் இரண்டு கட்டிலிருந்தும் ஓர் அட்டை எடுத்து, சேர்த்துச் சொல்லி, வாக்கியம் அமைக்க வேண்டும். மற்ற மூவரும் ஒப்புக்கொண்டால் அட்டை அவருக்கு. ஒரு பெண் ‘நண்டு’வையும் ‘ஐ’யையும் எடுத்து “நண்ட்டைப் பிடித்தேன்” என்றாள். எதிரில் இருந்த பையன், “வாய் சிக்கிக்கொள்கிறது, அது தப்பு” என்றான். காரணம் கேட்டேன். தெரியவில்லை. வீடு, காடு, கயிறு ஒரு பக்கமும் நண்டு, வண்டு, பாட்டு ஒரு பக்கமுமாக அட்டைகளைப் பிரித்து அடுக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தவள், “இந்தப் பக்கத்தில் கடைசி எழுத்துக்கு முன்னால் புள்ளி இருக்கிறது” என்றாள்.

அதுதான் விதி. டு, று எழுத்துக்கு முன்னால் புள்ளி வைத்த எழுத்து இருந்தால் இரட்டிக்காது, இல்லையென்றால் இரட்டிக்கும். இலக்கண நூல் இதை மென்தொடர், வன்தொடர், நெடில்தொடர், உயிர்த்தொடர் என்று பிரித்துச் சொல்லும். பத்து வயதுக்குப் புள்ளி போதும். வீட்டுக்குப் புறப்படும்போது அந்தப் பையன் ஒரு கேள்வி போட்டான்: நதி என்றால் ‘ஆற்றில்’, ‘ஆறில் ஒரு பங்கு’ என்கிறபோது மட்டும் ஏன் இரட்டிக்கவில்லை? எண்ணுப்பெயர் தன் வழியில் போகிறது என்று சொல்லி அனுப்பினேன். விதிக்கு விலக்கு கண்டுபிடிக்கும் பிள்ளைக்குக் கூடுதலாக ஓர் அட்டை தருவது அடுத்த வாரத்திலிருந்து வழக்கமாயிற்று.

இதை நான்கு வரியில் சுருக்கிக் கடிதத்தில் வையுங்கள். பொருட்செலவு எவ்வளவு என்பது அந்த நான்கு வரியிலேயே தெரிந்துவிடும்.

துறைத் தலைவரைத் தாண்டிப் போகாதீர்கள்

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் மூன்று பக்கக் கடிதம் நேராக முதல்வர் மேசைக்குப் போனது. துறைத் தலைவருக்கு அது ஒரு கூட்டத்தில், எல்லார் முன்னாலும் தெரியவந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, உதவவும் இல்லை. இரண்டாம் முறை வரைவை முதலில் அவரிடம் காட்டினேன். அவர் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றாத ஒன்று: “தமிழுக்கு மட்டும் ஏன்? மற்ற இரண்டு மொழிப் பெற்றோர் கேட்டால் என்ன சொல்வது?”

இதற்கு நேர்மையான விடை இருக்கிறது. எண்ணிக்கை அதிகமுள்ள மொழியில் ஒரே நிலைக்குப் பல வகுப்புகள் இருக்கும். பிள்ளைகளைத் தேவைக்கேற்பப் பிரிக்கலாம். நமக்கு ஒரு நிலைக்கு ஒரே வகுப்புதான். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையும் பேசாத பிள்ளையும் ஒரே பெஞ்சில். பாட நேரத்தில் செய்ய முடியாத பிரிப்பை மன்றத்தில் செய்கிறோம். அட்டை முறை எந்த மொழிக்கும் பயன்படும், வேண்டுவோருக்குத் தருகிறேன் என்று ஒரு வரி சேருங்கள். துறைத் தலைவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு உங்களுக்காகப் பேசுவார்.

கடிதம்

கீழே இருப்பது ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முந்திய தமிழ் வரைவு. அதில் உள்ள எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் தாளில் வந்த எண்களை இடுங்கள்.

> மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,
>
> (தாய்மொழித் துறைத் தலைவர் வழியாக)
>
> பொருள்: தொடக்கநிலை 4, 5 தமிழ் மாணவர்களுக்கு எட்டு வாரச் சோதனை முறையில் இலக்கண மன்றம் – அனுமதி வேண்டுதல்
>
> இரண்டாம் தவணையில், 2ஆம் வாரம் முதல் 9ஆம் வாரம் வரை, செவ்வாய்க்கிழமைகளில் பிற்பகல் 2.00 முதல் 2.45 வரை இலக்கண மன்றம் நடத்த உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். மாணவர்கள் 2.50க்குப் பள்ளி வாசலில் இருப்பார்கள்.
>
> சென்ற மாதம் 18 மாணவர்களுக்குப் பத்து நிமிடத் தாள் ஒன்று கொடுத்தேன். 11 பேர் ‘வீடு’ என்ற சொல்லோடு உருபைச் சேர்க்கும்போது சொல்லின் இறுதியை மாற்றாமல் எழுதினர். ஆங்கிலத்தில் ‘லீஃப்’ என்பதை ‘லீஃப்ஸ்’ என்று எழுதுவது போன்ற பிழை இது. இரண்டு மாதிரிகளை இணைத்துள்ளேன். பாட நேரத்தில் இதற்குத் திரும்பத் திரும்ப நேரம் ஒதுக்க இயலவில்லை.
>
> மன்றத்தில் மாணவர்கள் நால்வர் குழுக்களாகச் சொல் அட்டைகளைச் சேர்த்து வாக்கியம் அமைப்பார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர்கள் சரிபார்ப்பார்கள். விதியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எழுத்துத் தேர்வோ வீட்டுப்பாடமோ இராது.
>
> தேவைப்படுபவை: எட்டு வாரத்துக்கும் சேர்த்து 150 தாள். அட்டைகளைப் பயன்படுத்திய தாள்களில் செய்துகொள்வோம். பணம் தேவையில்லை. 4ஆம் வகுப்பறையைப் பயன்படுத்த அதன் ஆசிரியர் இசைந்துள்ளார்.
>
> பள்ளிப் பேருந்தில் செல்லும் மூவருக்கும் மூன்று மணி நடையில் இடம் உண்டு. பெற்றோர் ஒப்புதலைப் பேரன்ட்ஸ் கேட்வே செயலி வழியாகப் பெறுவேன். நான் விடுப்பில் இருந்தால் அன்று மன்றம் நடக்காது. காலையிலேயே பெற்றோருக்குத் தெரிவிக்கப்படும்.
>
> தவணையின் ஒன்பதாம் வாரம் அதே தாளை மீண்டும் கொடுத்து, வருகைக் கணக்கோடு அரைப் பக்க அறிக்கை தருவேன். மன்றம் தொடர்வதா என்பதை அதன்பின் நீங்கள் முடிவு செய்யலாம்.
>
> இப்படிக்கு,
> தமிழாசிரியர்

வேண்டுகோள் முதல் வரியிலேயே இருப்பதையும், வீட்டுக்குப் போகும் நேரம் இரண்டாம் வரியில் இருப்பதையும் கவனித்திருப்பீர்கள். 150 தாள் என்பது ஊகமன்று: பதினெட்டுப் பேருக்கு வாரம் ஒரு தாள் வீதம் எட்டு வாரத்துக்கு 144. ஐந்நூறு தாள் உள்ள ஒரு கட்டில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. விடுப்பு பற்றிய வரியை விட்டுவிடத் தோன்றும், நம் பலவீனத்தை நாமே காட்டுவானேன் என்று. விடாதீர்கள். ஒரே ஆசிரியர் உள்ள பள்ளியில் முதல்வர் மனத்தில் முதலில் ஓடும் கேள்வி அதுதான். பெற்றோர் தொண்டூழியர்களை முதல் எட்டு வாரத்துக்குக் கொண்டுவராமல் இருப்பதும் நல்லது; அதற்குத் தனி அனுமதி, தனிப் படிவம் என்று வேலை நீளும்.

அனுமதி கிடைத்த பிறகு

மூன்றாம் வாரத்தில் ஒன்றைச் சரிபாருங்கள். முதல் தாளில் பத்துக்கு மேல் எடுத்தவர்கள் மட்டுமே மன்றத்துக்கு வந்துகொண்டிருந்தால், தேவையில்லாதவர்களுக்கு நடத்திக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். வராதவர்களின் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள். பெரும்பாலும் காரணம் துணைப்பாட வகுப்பாகவோ பேருந்தாகவோ இருக்கும்.

இன்னொரு சிக்கல் நயமானது. ஐந்தாம் வாரத்தில் அட்டை விளையாட்டில் எல்லாரும் ‘வீட்டுக்கு’ என்று சரியாகச் சொல்வார்கள். அதே வாரக் கட்டுரையில் ‘வீடுக்கு’ என்றே எழுதுவார்கள். அட்டையில் சொல்லின்மேல் மட்டும் கவனம்; கட்டுரையில் கதை, எழுத்து, நேரம் என்று கவனம் சிதறுகிறது. அதனால் பன்னிரண்டு கேள்வித் தாளை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதீர்கள். மன்றத்துக்கு முன் எழுதிய ஒரு கட்டுரையையும் ஒன்பதாம் வாரக் கட்டுரையையும் எடுத்து, இந்த ஒரு பிழையை மட்டும் எண்ணி இரண்டு எண்களையும் போடுங்கள். என் முதல் அறிக்கையில் தாளில் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது; கட்டுரையில் கொஞ்சம்தான். இரண்டையும் மறைக்காமல் எழுதினேன். அடுத்த முறை கடைசி இரண்டு வாரம் அட்டைகளை விட்டுவிட்டு, ஐந்து வரிக் கதை எழுதி, ஒருவர் தாளை ஒருவர் திருத்தும் முறைக்கு மாறப்போகிறேன் என்றும் சேர்த்தேன்.

முதல்வர் அந்த அரைப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு சொல் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்: ‘மூன்றாம் தவணையிலும்’. அதன் கீழே ஒரு கேள்வி, பேருந்து அப்போதும் மூன்று மணிக்குத்தானா என்று.